உறுப்பினர்களுக்கு இரண்டாம் கடிதம்

இடது கை ஸ்கேலை வரிக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை பென்சிலால் 'மூலதனம்' என்ற சொல்லை அடித்துவிட்டு அதன் மேல் 'நீங்கள் போட்ட பங்குப் பணம்' என்று எழுதியது. ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கியது. 'ஈட்டிய உபரி' போய் 'செலவு போக மிஞ்சிய பணம்' வந்தது. அடுத்த வரியில் கை சிறிது நேரம் நின்றது. 'பகிர்வு செய்யத்தக்க' என்பதற்கு எளிய சொல் அகப்படவில்லை. ரப்பரால் அந்த வரி முழுவதையும் அழித்து, துணுக்குகளைப் புறங்கையால் தள்ளிவிட்டு, கை மறுபடி தொடக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தது.

கை லூர்துராணியுடையது; அது எழுதிக்கொண்டிருந்தது சங்க உறுப்பினர்களுக்கு முதல் கடிதம். அவர் அந்தச் சங்கத்தில் செயலாளர். திருச்சியில் ஒரு கல்லூரியின் பின்வாசலை ஒட்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் இரண்டு அறைகள். வாசலில் 'ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' என்று பலகை. பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அதில் உறுப்பினர்கள். ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை தலைவரையும் நிர்வாகக் குழுவையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். செயலாளர் அப்படி வருகிறவர் அல்ல. சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர். தலைவர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். லூர்துராணி மாறவில்லை.

பொன்மலைப்பட்டியில் பிறந்து, பிளஸ் டூ முடித்த கையோடு தற்காலிக எழுத்தராக வந்தவர். கணக்குப் பாடம் படித்ததில்லை. தணிக்கைக்கு வரும் அதிகாரி எந்த எண்ணின் பக்கத்தில் சிவப்பு மையால் டிக் போடுகிறார், எந்த எண்ணில் நின்று யோசிக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே பற்றும் வரவும் கற்றுக்கொண்டார். கூட்டுறவுப் பட்டயப் பயிற்சியை அஞ்சல் வழியில் பிறகுதான் முடித்தார். அதற்குள் அந்தப் பயிற்சியில் சொல்லித்தர இருந்தவையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யாரிடமும் ஏன் என்று கேட்கமாட்டார்.

அது அவருக்கு முன்னால் செயலாளராக இருந்த பெஞ்சமின் காலத்தில் வந்தது. பெஞ்சமின் நல்லவர், ஆனால் தொண்டை பெரியது. கடன் மனு நீட்டினால், "என்னம்மா, போன தடவை வாங்குனது என்னாச்சு? மறுபடி என்ன அவசரம்?" என்பார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும். விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த மாரியாயி ஒருமுறை அதற்குப் பதில் சொல்ல முடியாமல், மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அவர் கந்து வட்டிக்காரனிடம் போனது எல்லோருக்கும் தெரிந்தது. லூர்துராணி செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, மனுவில் 'கடன் பெறும் நோக்கம்' என்ற கட்டத்துக்கு நேரே தானே 'குடும்பச் செலவு' என்று எழுதத் தொடங்கினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் குடும்பச் செலவுதான். துறைத் தலைவருக்கும் அதுதான், வாட்ச்மேனுக்கும் அதுதான். இதற்காகவே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். "ராணி அக்காகிட்ட போனா காசு வாங்கினது நம்ம நிழலுக்குக்கூடத் தெரியாது" என்று கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு.

கடிதம் எழுத வேண்டிய அவசியம் செப்டம்பர் மாதப் பேரவைக் கூட்டத்தில் வந்தது. அந்த வருடம் ஈவுத்தொகை குறைந்திருந்தது. வணிகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்த பிரவீன்ராஜ் எழுந்து நின்றார்.

"கடனுக்கு வட்டி கட்டுறோம். மாசாமாசம் பிடித்தம் வேற. கடன் தரும்போதே பத்துல ஒண்ணு பிடிச்சுக்கிறீங்க. இவ்வளவு பணமும் எங்க சார் போகுது?"

"ஜெனரேட்டர் ரூமுக்குப் போகுது" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

இன்னொரு குரல், "அந்தப் பத்துல ஒண்ணு சங்கத்துக்குக் கமிஷனுங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான்" என்றது. பல தலைகள் ஆடின.

லூர்துராணிக்கு அதுதான் அதிர்ச்சி. இத்தனை வருடங்களாக, அவரவர் பெயரிலேயே சேரும் பங்குத் தொகையைக் கமிஷன் என்று நினைத்துக்கொண்டா கையெழுத்துப் போட்டார்கள்?

கூட்டம் முடிந்ததும் தலைவர் வேதாந்தம் அருகில் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், கணிதப் பேராசிரியர். "லூர்துராணி, எல்லாருக்கும் ஒரு லெட்டர் போட்டுடுங்கோ. தணிக்கை பாஷையில வேண்டாம். நம்ம ஆத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கட்டும். நானே எழுதலாம், ஆனா நான் எழுதினா தேற்றம், நிரூபணம்னு போயிடும்."

அப்படித்தான் முதல் கடிதம் உருவாயிற்று. மூன்று வாரம் எழுதினார். ஒவ்வொரு எண்ணையும் துணைவிதிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். முடித்தபோது அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

'அன்பார்ந்த உறுப்பினரே,

சங்கத்தில் உங்கள் பணம் இரண்டு பெயரில் இருக்கிறது. ஒன்று சிக்கன சேமிப்பு. மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பது. அதற்கு வட்டி உண்டு. மற்றொன்று பங்குப் பணம். அதற்கு வட்டி கிடையாது. லாபம் வந்து, பேரவை ஒப்புக்கொண்டால் ஈவுத்தொகை உண்டு.

நீங்கள் வாங்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு உங்கள் பெயரில் பங்குப் பணமாக இருக்க வேண்டும். ஒரு லட்சம் கடனுக்குப் பத்தாயிரம். ஏற்கெனவே ஏழாயிரம் இருந்தால் மூவாயிரம் மட்டும் பிடிப்போம். இது கமிஷன் அல்ல, உங்கள் பணம். கடன் அடைந்த பிறகும் உங்கள் பெயரிலேயே இருக்கும். அடுத்த கடனுக்கு அதுவே உதவும். உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகும்போது, கடன் பாக்கியும் பிறருக்குப் போட்ட ஜாமீனும் இல்லையென்றால், சேமிப்போடு சேர்த்துத் திருப்பித் தரப்படும்.

நீங்கள் கடனுக்குக் கட்டும் வட்டிதான் சங்கத்தின் வருமானம். அதிலிருந்து உங்கள் சேமிப்புக்கு வட்டி, மத்திய கூட்டுறவு வங்கியில் சங்கம் வாங்கியிருக்கும் கடனுக்கு வட்டி, ஊழியர் சம்பளம், மற்றச் செலவு, வராமல் போகக்கூடிய கடனுக்கான ஒதுக்கீடு எல்லாம் போக மிஞ்சுவது லாபம். தணிக்கை முடிந்த பிறகுதான் அதை லாபம் என்று சொல்ல முடியும். அதிலும் சட்டப்படி காப்பு நிதிக்கும் கூட்டுறவுக் கல்வி, ஆராய்ச்சி நிதிகளுக்கும் முதலில் ஒதுக்க வேண்டும். காப்பு நிதியை யாருக்கும் பிரித்துத் தருவதில்லை; கெட்ட வருடத்தில் சங்கத்தைத் தாங்குவது அதுதான். மீதியிலிருந்து, அவரவர் பங்குப் பணத்தின் அளவுக்கு ஏற்ப ஈவுத்தொகை. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஓட்டு ஒருவருக்கு ஒன்றுதான்.

கல்லூரியின் நிரந்தர ஊழியர் எவரும் ஒரு பங்கு எடுத்து உறுப்பினராகச் சேரலாம்.'

கடிதம் போன மறுநாள் பிரவீன்ராஜ் சங்கத்துக்கே வந்துவிட்டார். "மேடம், நான் காமர்ஸ் நடத்துறேன். கூட்டுறவுன்னு ஒரு யூனிட்டே இருக்கு. இப்பதான் புரிஞ்சுது. இதை கிளாஸ்ல ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். வேதாந்தம், "சமன்பாடு இல்லாம இவ்வளவு தெளிவு வரும்னு நான் நம்பினதே இல்லை" என்றார். லூர்துராணி அன்று வீட்டுக்குப் போகும்போது கடைவீதியில் இறங்கித் தனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் குடித்தார்.

நவம்பர் மாத நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வந்த தாள்களில் உறுப்பினர் விலகல் மனு ஒன்று இருந்தது. ஆனந்தவள்ளி, தாவரவியல் ஆய்வக உதவியாளர். சங்கத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம். லூர்துராணிக்கு நன்றாகத் தெரிந்தவர். மதிய நேரத்தில் சில நாட்கள் சேர்ந்து சாப்பிட்டதும் உண்டு. மனுவைப் பார்த்ததும் லூர்துராணியின் புருவம் ஒரு கணம் உயர்ந்தது. வேலையில் இருக்கிறவர்கள் விலகுவது அபூர்வம். ஓய்வு பெறும்போதோ இறக்கும்போதோதான் அந்தப் படிவம் வெளியே எடுக்கப்படும்.

ஆனால் அவர் கேட்கவில்லை. வள்ளிக்குக் கடன் பாக்கி இல்லை. யாருக்கும் ஜாமீன் இல்லை. துறைத் தலைவர் கையெழுத்து சரி. பங்குப் பணம் இருபத்தையாயிரம், சேமிப்பு வட்டியோடு எண்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். வட்டியை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். குழு தீர்மானம் போட்டது. காசோலை எழுதினார். வள்ளி வந்து வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"போயிட்டு வரேன் அக்கா."

"பாத்துப் பத்திரமா எடுத்துட்டுப் போ வள்ளி" என்றார் லூர்துராணி. நல்ல காரியமாகத்தான் இருக்கும், அவளே சொல்வாள் என்று விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வள்ளி மறுபடி வந்தார். கையில் இரண்டு படிவங்கள். ஒன்று புதிதாக உறுப்பினராகச் சேர. இன்னொன்று மூன்று லட்ச ரூபாய் கடனுக்கு. ஜாமீன் போடச் சம்மதித்த இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

லூர்துராணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேசை மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காரு வள்ளி."

"நேரமாச்சுக்கா. லேப்ல ரெண்டாம் வருஷப் பசங்க இலையை வெட்டுறேன்னு விரலை வெட்டிக்குவாங்க. நீங்க பாத்து வாங்கிக்குங்க."

"உக்காருன்னேன்ல." பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "எதுக்கு இது?"

வள்ளி உட்கார்ந்தார். சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தது போலச் சொன்னார். திருவானைக்காவலில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஒரு மாடி வீடு ஒத்திக்கு வந்திருக்கிறது. நான்கு லட்சம் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு வாடகை கிடையாது; காலி செய்யும்போது நான்கு லட்சத்தையும் அப்படியே திருப்பித் தருவார்கள். வீட்டின் சொந்தக்காரர் வைதேஹி அம்மாள், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மகனோடு இருக்கப் பெங்களூர் போகிறார். வள்ளியின் கணவர் வீரமலை ஸ்ரீரங்கம் பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். இப்போது கொடுக்கும் வாடகை எட்டாயிரம். அந்த எட்டாயிரத்தை அப்படியே கடன் தவணைக்குக் கட்டிவிட்டால் மூன்று வருடம் கழித்துக் கடனும் முடிந்துவிடும், நான்கு லட்சமும் கையில் இருக்கும். முதல் முறையாகச் சொந்தமாக ஒரு இடம் வாங்க அது ஆரம்பமாகும்.

கணக்கு ஏறத்தாழச் சரி. வட்டிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்; வள்ளி அதற்கும் வழி வைத்திருந்தார். லூர்துராணி மனத்துக்குள் போட்டுப் பார்த்தார். இவ்வளவு நல்ல கடன் மனு அவர் மேசைக்கு வந்ததில்லை.

"அப்ப ஏன் விலகினே?"

"உங்க லெட்டர் பாத்துதான்!" வள்ளி சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் நாலு தரம் படிச்சாரு. பங்குப் பணத்துக்கு வட்டி இல்லைனு போட்டிருந்தீங்க. இந்த வருஷம் ஈவும் கம்மி. அதுபாட்டுக்குச் சும்மா கிடக்குது. விலகினா சேமிப்போட சேத்துத் தருவோம்னு போட்டிருந்தீங்க. யார் வேணா ஒரு பங்கு எடுத்துச் சேரலாம்னும் போட்டிருந்தீங்க. நம்ம காசு ஒரு லட்சம் நம்மகிட்டயே இருக்கும்போது நாலு லட்சமும் எதுக்குக் கடனா வாங்கணும்? ஒரு லட்சத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுத்துட்டேன். இப்ப மூணு வாங்கினாப் போதும், பங்குக்குப் பிடிக்கிறதை அவரு பாத்துக்குவாரு. வட்டி மிச்சம். எப்படி, அக்கா? உங்ககிட்டப் பழகினதுக்கு இதுகூட வரலேன்னா எப்படி?"

கடிதத்தின் மூன்று வரிகள். மூன்றும் சரியானவை. மூன்றையும் சேர்த்து வள்ளி சங்கத்தை ஒரு பஸ்ஸைப் போல நினைத்துக்கொண்டார்: இறங்கலாம், ஏறலாம், பழைய இடத்திலேயே உட்காரலாம்.

லூர்துராணி துணைவிதிப் புத்தகத்தை எடுத்தார். பார்க்கத் தேவையில்லை, ஆனால் புத்தகம் கையில் இருந்தால்தான் வாய் வரும் போலிருந்தது.

"வள்ளி, புதுசா சேர்றவங்களுக்கு ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் பெரிய கடன். அதுவரைக்கும் அவசரக் கடன் மட்டும்தான். இருபத்தையாயிரம்."

"நான் எங்கக்கா புதுசு? நான் பழைய மெம்பர்தானே?"

"விலகிட்டே. இருபத்திரண்டு வருஷமும் அன்னைக்கோட முடிஞ்சுபோச்சு. இனிமே சேர்ற தேதிதான் கணக்கு."

"அதை லெட்டர்ல போடலியே."

"போடலை."

வள்ளியின் முகத்தில் இன்னும் சிரிப்பு முழுவதும் போகவில்லை. விளையாடுகிறாரோ என்ற சந்தேகம் அதில் இருந்தது. "சரி, விலகாம அப்படியே கேட்டிருந்தா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் லூர்துராணிக்குக் கணக்கைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. "நாலு லட்சம் கடனுக்கு நாப்பதாயிரம் பங்கு வேணும். உனக்கு இருபத்தஞ்சு இருந்துச்சு. மீதி பதினைஞ்சைப் பிடிச்சுட்டு மூணு லட்சத்து எண்பத்தஞ்சு கையில கொடுத்திருப்போம். உன் சம்பளத்துக்கும் அந்த அளவு கிடைச்சிருக்கும். நீ விலகின அதே மீட்டிங்லயே பாஸ் ஆயிருக்கும்."

வள்ளி படிவங்களின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே லூர்துராணி வேதாந்தத்தைப் பார்க்கப் போனார். வேதாந்தம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு டஸ்டரை வைத்தார்.

"விலகின தீர்மானத்தை ரத்து பண்ணிட்டா?"

"பணம் கொடுத்தாச்சு சார். பங்கைக் கழிச்சாச்சு. கணக்குல அவங்க உறுப்பினரே இல்ல."

"அவ அந்தப் பணத்தைத் திரும்பக் கட்டினா?"

"கட்டினாலும் அது புதுப் பங்குதான். பழைய தேதி போட முடியாது. கூட்டுறவு சார்பதிவாளர் ஆபீஸ்லயும் கேட்டுட்டேன். அவங்களும் அதேதான் சொன்னாங்க."

வேதாந்தம் விரலிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார். "நாம மீறலாம். ஒரு தடவை."

"மீறினா அடுத்த மாசம் பத்துப் பேர் விலகி, காசை எடுத்துட்டு, மறுபடி வந்து நிப்பாங்க. சங்கத்துல பங்குப் பணமே நிக்காது சார். அதை வெச்சுத்தான் மத்தவங்களுக்குக் கடன் கொடுக்கிறோம். அதுக்குத்தான் அந்த விதியே."

"தெரியறது. நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்தது." மேசையிலிருந்த சாக்பீஸ்களைப் பெட்டியில் எடுத்து வைத்தார். "அந்த மனு வந்தப்போ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, லூர்துராணி."

"கேட்டிருக்கலாம் சார்."

"நானும் கேக்கலை. நானும்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க வெச்சா சரியா இருக்கும்னு."

மறுநாள் லூர்துராணி தாவரவியல் ஆய்வகத்துக்குப் போனார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தன் இரண்டு சங்கிலிகள். வள்ளி பையைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"இதை அடகு வெச்சு ஒண்ணரை லட்சம் வருமா? மீதிக்கு யார்கிட்டப் போறது? வேண்டாம்க்கா. நான் உங்ககிட்ட வந்தா உங்க சங்கத்துக்கு வரணும். உங்க கழுத்துக்கு வரக்கூடாது."

மேலூர் ரோட்டுக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். வைதேஹி அம்மாள் காபி கொடுத்தார். வீடு பாதி காலியாக இருந்தது. புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டப்பட்டிருந்தன. தெற்குப் பக்க ஜன்னலில் நல்ல காற்று. வீரமலை அந்த ஜன்னலோரம் மகளின் படிக்கும் மேசை வரும் என்று சொல்லியிருந்ததாக வள்ளி வழியில் சொன்னார்.

"நான் காத்துண்டிருப்பேன்மா" என்றார் வைதேஹி. "எனக்கு என்ன அவசரம்? ஆனா பிள்ளை ஒத்துக்கலை. அவனுக்கு அங்க ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டணும், தை பிறக்கறதுக்குள்ள வேணுங்கறான். வேற ஒருத்தர் மொத்தமா தரேன்னு வந்திருக்கா. உன் அட்வான்ஸ்ல ஒரு ரூபா பிடிக்கமாட்டேன், அப்படியே தந்துடறேன். மனசுல வெச்சுக்காதே."

"உங்க மேல என்னம்மா இருக்கு" என்றார் வள்ளி.

யார் மேலும் ஒன்றும் இல்லை. அதுதான் லூர்துராணிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. விதி சரி, கடிதம் சரி, வீட்டுச் சொந்தக்காரர் நல்லவர், வள்ளியின் கணக்குக்கூட ஒரே ஓர் இடத்தைத் தவிரச் சரி. அந்த ஓர் இடத்தில் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும்.

கல்லூரிக்குத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று ஊர்ந்தது. ஜன்னலோரம் இருந்த வள்ளி ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க யாரையும் ஏன்னு கேக்கமாட்டீங்கன்னு எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க. நானும்தான் சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரரு குடிச்சுட்டு இருந்த காலத்துல வாங்கின கடனுக்கெல்லாம் நீங்க குடும்பச் செலவுன்னு எழுதுனப்ப, எனக்குக் கும்பிடணும்போல இருக்கும்." லூர்துராணி பக்கம் திரும்பினார். "ஆனா இந்தத் தடவை நான் நல்ல விஷயத்துக்கு வந்தேன் அக்கா. இந்தத் தடவை கேட்டிருக்கலாம்ல."

லூர்துராணி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார்.

வீடு தை மாதம் வேறொருவருக்குப் போயிற்று. வள்ளி குடும்பம் திருவானைக்காவலிலேயே இன்னும் உள்ளே தள்ளி, இரண்டு அறைக்கு ஒன்பதாயிரம் வாடகையில் போய் உட்கார்ந்தது. திருப்பி வந்த ஒரு லட்சம் கைக்கு வந்த வேகத்திலேயே கரையத் தொடங்கியது. புது வீட்டு அட்வான்ஸ், மகளுக்கு டியூஷன், ஆட்டோவுக்கு எப்.சி. காட்டும் செலவு. சங்கத்தில் இருந்தவரை அதைத் தொடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஒரு பங்கு எடுத்து மறுபடி உறுப்பினராகச் சேர்ந்தார். சம்பளத்தில் சேமிப்புப் பிடித்தம் முதல் மாதத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

பிப்ரவரியில் லூர்துராணி மறுபடி எழுத உட்கார்ந்தார். முதல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திருத்த அதில் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் வேலை கடினமாக இருந்தது. எது சரி என்று எழுத அவருக்கு வரும். படிக்கிறவர் அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வார் என்று எழுத அவர் பழகியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து, இதைப் படித்துவிட்டு வள்ளி எழுந்து எங்கே போவாள் என்று யோசித்தார். வீரமலை நாலாம் முறை படிக்கும்போது என்ன சொல்வார் என்று யோசித்தார். மதிய உணவு நேரத்தில் வரைவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், வள்ளியிடம் வாசித்துக் காட்டினார். முதல் நாள் வள்ளி, "எனக்கு எதுக்குக்கா இனிமே" என்றார். இரண்டாம் நாள் கேட்டுக்கொண்டே சோதனைக் குழாய்களைக் கழுவினார். மூன்றாம் நாள் கழுவுவதை நிறுத்திவிட்டு, "இந்த இடத்துல 'தகுதி'ன்னு போட்டா நாங்க தாண்டிப் போயிடுவோம். 'கடன் கிடைக்காது'ன்னே போடுங்க" என்றார்.

அப்படியே போட்டார்.

'பங்குப் பணம் சும்மா கிடப்பது போலத் தெரியும். அது சும்மா கிடக்கவில்லை. நீங்கள் பெரிய கடன் கேட்கும் நாளில் அதுதான் உங்களுக்காகப் பேசும். அதை எடுக்க வேண்டுமென்றால் சங்கத்தை விட்டே விலக வேண்டும். விலகினால் நீங்கள் இத்தனை வருடம் உறுப்பினராக இருந்ததும் அன்றோடு முடிந்துவிடும். மறுபடி சேரலாம், ஆனால் புதியவராகத்தான் சேர்கிறீர்கள். ஒரு வருடத்துக்குப் பெரிய கடன் கிடைக்காது. கையில் பணம் வேண்டுமென்றால் விலகாதீர்கள்; விலகாமலே கடன் கேட்கலாம். உங்கள் பங்குக்கு எவ்வளவு கிடைக்கும், அதில் எவ்வளவு பிடிப்போம், தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். எந்த மனுவையும் நிரப்பும் முன் சங்கத்துக்கு வாருங்கள். எதற்காக என்று செயலாளர் தனியாகக் கேட்பார். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் கேட்பார்.'

கடைசி இரண்டு வரிகளைப் படித்த வேதாந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது துணைவிதியில இல்லையே."

"இல்ல சார்."

"இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

உறைகளில் பெயர் எழுதும் வேலையை லூர்துராணி யாருக்கும் கொடுக்கவில்லை. உறுப்பினர் எண் வரிசைப்படி எழுதிக்கொண்டே போனார். ஆனந்தவள்ளியின் பெயர் முன்பெல்லாம் பாதிக்கு முன்னாலேயே வந்துவிடும். இப்போது கடைசியில் வந்தது. அதற்குக் கீழே வேறு எண் இல்லை.

அந்த உறையை மட்டும் தபால் கட்டில் சேர்க்காமல் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். மாணவர்கள் போயிருந்தார்கள். வள்ளி நுண்ணோக்கிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். கடித உறையின் மேல் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புது எண்ணைச் சற்று நேரம் பார்த்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிக்கொண்டார்.